பல்லி கத்தினால் திரையில் என்ன எழுதுவது: காது கேளாதோருக்கான தமிழ் கேப்ஷன், ஒரு காட்சியை வைத்து

பிறமொழிப் படத்துக்கு சப்டைட்டில் எழுதுபவர், பார்ப்பவருக்குக் காது கேட்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறார். மொழிதான் புரியாது; யார் பேசுகிறார்கள், கதவு தட்டப்பட்டதா, பின்னணியில் அழுகை கேட்கிறதா என்பதெல்லாம் அவருக்குத் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். காது கேளாதவருக்கான கேப்ஷனில் அந்த நம்பிக்கை கிடையாது. வசனம், பேசுபவர், கதைக்கு வேண்டிய ஒலி ஆகிய மூன்றும் எழுத்தாக வந்தாக வேண்டும். 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்கப் படங்களுக்கான அணுகல் வழிகாட்டுதல்களை வெளியிட்ட பிறகு, இந்த வேலை தமிழிலும் அதிகமாகக் கேட்கப்படுகிறது. ஆங்கில விதிகளை அப்படியே தமிழில் பொருத்தினால் எங்கெங்கே உடைகிறது என்பதை, ஒரு சிறு காட்சியை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். காட்சி இந்தக் கட்டுரைக்காகவே உருவாக்கியது.

ஒரு கிராமத்து வீடு, சாயங்காலம் ஏழு மணி. வள்ளியம்மை அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். மகள் செல்விக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் உள்ளறையில் பெட்டி அடுக்குகிறாள், திரையில் இல்லை. அம்மா தலையைத் தூக்காமலே, "நீ போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்கிறார். சுவரில் எங்கோ பல்லி கத்துகிறது. அம்மாவின் கை நின்றுவிடுகிறது. உள்ளிருந்து செல்வி, "பல்லிக்கெல்லாம் பயந்தா ஒண்ணும் நடக்காதும்மா" என்கிறாள். குக்கர் விசில் அடிக்க, அம்மா திடுக்கிடுகிறார். கரண்ட் போய்த் திரை முழுக்க இருட்டாகிறது. "கரண்ட் போச்சு" என்கிறார் அம்மா. தூரத்தில் சங்கு ஊதுகிறார்கள். கதவு தட்டப்படுகிறது. ஓர் ஆண் குரல், "அக்கா... கொஞ்சம் வெளிய வாங்க" என்கிறது. கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு மாரிமுத்து, கையில் டார்ச்.

இந்த முப்பது விநாடி ஒலித்தடத்தில் இன்னும் பல சத்தங்கள் இருக்கின்றன. மின்விசிறி ஓடுகிறது, பக்கத்து வீட்டில் டிவி சீரியல் கேட்கிறது, சாலையில் பஸ் ஹாரன் ஒலிக்கிறது, அரிவாள்மனையில் காய் நறுக்கும் சத்தம் வருகிறது. புதிதாக எழுதுபவர் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்:

```
1
00:00:04,000 --> 00:00:07,000
[மின்விசிறி ஓடும் சத்தம்]
[பக்கத்து வீட்டு டிவி சத்தம்]

2
00:00:07,000 --> 00:00:09,000
அம்மா: நீ போவதென்று
முடிவு செய்துவிட்டாயா?

3
00:00:09,000 --> 00:00:11,000
[திகிலூட்டும் சத்தம்]

4
00:00:27,000 --> 00:00:30,000
மாரிமுத்து: அக்கா, கொஞ்சம்
வெளியே வாருங்கள்.
```

நாலு கட்டங்களிலும் பிழை இருக்கிறது, நாலும் வேறு வேறு வகை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒலித் தேர்வு. கேட்கும் எல்லாவற்றையும் எழுத முடியாது, எழுதவும் கூடாது. திரையில் எழுத்து வந்ததும் பார்ப்பவரின் கண் அங்கே போய்விடுகிறது. அந்த நேரத்துக்கு அவர் நடிகரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஒலிக் குறிப்புக்கும் பார்வையாளர் தன் பார்வையை விலையாகக் கொடுக்கிறார். அதனால் ஒவ்வொரு ஒலியிடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். திரையில் யாராவது இந்த ஒலிக்கு எதிர்வினை செய்கிறார்களா? ஒலியின் மூலம் திரைக்கு வெளியே இருக்கிறதா? இது பின்னால் கதையில் திரும்ப வரப்போகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் விட்டுவிடலாம். முதல் கேள்விக்கு ஆம் என்றால் கட்டாயம் எழுத வேண்டும்.

இந்த வடிகட்டியில் மின்விசிறி விழுந்துவிடுகிறது, டிவியும் பஸ் ஹாரனும்கூட. இரண்டுக்கும் மூலம் திரைக்கு வெளியேதான் இருக்கிறது. ஆனால் யாரும் அவற்றைக் கவனிக்கவில்லை, கதையில் அவை திரும்ப வருவதும் இல்லை. ஆக, இரண்டாவது கேள்விக்கு மட்டும் ஆம் என்றால் யோசித்து முடிவெடுக்க வேண்டும். காய் நறுக்குவது கண்ணுக்கே தெரிகிறது, எழுதத் தேவையில்லை. கரண்ட் போனபோது மின்விசிறி சுற்றி ஓய்கிற ஒலியும் வேண்டாம். திரை இருண்டதிலேயே செய்தி வந்துவிட்டது. மிஞ்சுவது பல்லி, குக்கர், சங்கு, கதவு.

பல்லியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஓர் அம்மா மகளிடம் கேள்வி கேட்கிறார், சட்டென்று கை நின்றுவிடுகிறது, முகம் மாறுகிறது. காது கேளாதவர் இதை, மகளின் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று படிப்பார். சகுனம் என்ற இழை அவருக்குப் போய்ச் சேராது. அடுத்த வசனத்தில் செல்வி "பல்லி" என்று சொல்லும்போது அது எங்கிருந்து வந்தது என்றே புரியாது. இயக்குநர் அந்தக் கணத்தை முழுக்க ஒலியில் வைத்திருக்கிறார், அதனால் கேப்ஷன்தான் அதைச் சுமக்க வேண்டும்.

மேலே உள்ள மூன்றாவது கட்டம் "[திகிலூட்டும் சத்தம்]" என்று எழுதியிருக்கிறது. இதுதான் நாம் அடிக்கடி திருத்த நேரும் பிழை. ஒலி உண்டாக்கும் உணர்ச்சியை எழுதிவிட்டு, ஒலி எது என்பதை விட்டுவிடுவது. முதலில் மூலம், பிறகு அது ஒலிக்கும் விதம், தேவைப்பட்டால் திசையும் தூரமும். "[பல்லி கத்துகிறது]" போதும். பயப்படுவதா வேண்டாமா என்று பார்வையாளர் முடிவு செய்துகொள்வார்.

தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. சலசல, தடதட, படார், டமார், கிறீச் என்று கொட்டிக் கிடக்கின்றன. எழுதுகிறவருக்கு இவற்றைப் பயன்படுத்தக் கை துறுதுறுக்கும். பிறவியிலேயே காது கேளாதவருக்கு "படார்" என்பது கேட்டுப் பழகிய ஒலி அல்ல, வெறும் எழுத்துக்கோவை. வயதாகிக் கேட்கும் திறனை இழந்தவருக்கோ அது உடனே நினைவைத் தட்டும். இரண்டு பேரும் நம் பார்வையாளர்கள்தான். எனவே ஒலிக்குறிப்புச் சொல்லைத் தனியாக விடாமல் மூலத்தோடு சேர்த்து எழுதுவது நல்லது. "[படார்]" என்பதற்குப் பதில் "[கதவு படாரென்று சாத்தப்படுகிறது]". முதல் வகைப் பார்வையாளருக்குக் கதவு சாத்தப்பட்டது தெரியும், இரண்டாமவருக்குச் சத்தமும் கேட்கும்.

வினையின் வடிவமும் செய்தி சொல்கிறது. "கதவு தட்டப்படுகிறது" என்றால் தட்டல் தொடர்கிறது. "கதவில் ஒரு தட்டு" என்றால் ஒரே தடவை. ஒரு துப்பாக்கி வெடியும் தொடர் வெடியும் பார்ப்பவருக்கு வேறு வேறு செய்திகள். தொடர்ந்து ஒலித்த ஒன்று பாதியில் நின்று, அந்த நிற்பதுதான் முக்கியம் என்றால், அதையும் எழுத வேண்டும். "[குழந்தை அழுகிறது]" என்று போட்டுவிட்டு "[அழுகை நிற்கிறது]" என்பதை விட்டுவிட்டால், பார்வையாளரின் மனத்தில் அந்தக் குழந்தை காட்சி முடியும்வரை அழுதுகொண்டே இருக்கும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய ஒலிகள். "மணி ஒலிக்கிறது" என்ற குறிப்பு தமிழில் ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. கோயில் மணியா, பள்ளிக்கூட மணியா, சைக்கிள் பெல்லா, மாட்டின் கழுத்து மணியா? அதேபோல "[மேளச் சத்தம்]". திருமணக் காட்சியில் நாதஸ்வரமும் தவிலும் சாதாரணமாக வாசித்துக்கொண்டிருந்து, சட்டென்று கெட்டிமேளமாக மாறும்போது, கேட்பவருக்குத் தாலி ஏறுகிறது என்று தெரிந்துவிடும்; கேமரா வேறெங்கோ கதாநாயகியின் முகத்தில் இருந்தாலும். கேப்ஷனில் "[கெட்டிமேளம்]" என்ற ஒற்றைச் சொல் அந்த வேலையைச் செய்யும். "[மங்கல இசை]" செய்யாது.

பறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பறை கேட்டாலே "[சாவு மேளம்]" என்று எழுதிவிடுகிற பழக்கம் இருக்கிறது. பறை கோயில் விழாவிலும் ஒலிக்கிறது, ஊர்வலத்திலும் மேடையிலும் ஒலிக்கிறது. அதைச் சாவோடு மட்டும் முடிச்சுப் போடுவது தகவல் பிழை. அதை வாசிப்பவர்களையும் சிறுமைப்படுத்துகிறது. கருவியின் பெயரை எழுதுங்கள்: "[தூரத்தில் பறை அடிக்கிறது]". துக்க வீட்டுக்கான அடி என்று ஒலித்தடத்திலேயே தெளிவாகத் தெரிந்து, கதைக்கும் அது தேவையானால் மட்டும் "[தூரத்தில் பறை, துக்க வீட்டு அடி]" என்று சேர்க்கலாம். அடி வேறுபாடு தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைக் கேட்டு எழுதுவதே சரி.

நம் காட்சியில் வருவது சங்கு. சங்கு கோயிலிலும் ஊதப்படும், இறப்பு வீட்டிலும் ஊதப்படும். இயக்குநர் வேண்டுமென்றேதான் சங்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். காது கேட்கும் பார்வையாளருக்கே அந்த இருட்டில் அது எது என்று தெரியாது. மாரிமுத்துவின் முகம் தெரியும்போதுதான் உறைக்கும். இங்கே "[இறப்பு வீட்டில் சங்கு ஊதுகிறார்கள்]" என்று எழுதினால், காது கேளாதவருக்கு மட்டும் கதையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். "[தூரத்தில் நீண்ட சங்கொலி]" போதும். ஒலியில் இருக்கும் ஐயம் எழுத்திலும் அப்படியே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் பல கேப்ஷன்களைக் கெடுக்கிறது.

இதே பிழையின் இன்னொரு வடிவம் பேசுபவர் பெயரில் வருகிறது. மேலே நான்காவது கட்டம் "மாரிமுத்து:" என்று தொடங்குகிறது. கதவு இன்னும் திறக்கவில்லை, வள்ளியம்மைக்கே வந்திருப்பது யார் என்று தெரியாது. படத்தில் பாத்திரத்தின் அடையாளம் எப்போது வெளிப்படுகிறதோ, அதுவரை "ஆண் குரல்:" என்றுதான் போட வேண்டும். முன்பே பல காட்சிகளில் வந்து, குரலைக் கேட்டதும் பார்வையாளர் கண்டுபிடித்துவிடும்படி இருந்தால் மட்டும் பெயர் போடலாம். கேட்கும் பார்வையாளருக்கு அந்த நொடியில் என்ன தெரியுமோ அதுவே அளவு, அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம்.

பெயர்ச் சீட்டு எல்லா வசனத்துக்கும் தேவையில்லை. பேசுபவர் திரையில் இருந்து, வாய் அசைவது தெரிந்து, அவர்தான் பேசுகிறார் என்பதில் குழப்பம் இல்லை என்றால் பெயர் வேண்டாம். முதல் கேள்வியை வள்ளியம்மை நம் கண்ணெதிரே கேட்கிறார், அங்கே பெயர் வெறும் சுமை. செல்வி உள்ளறையில் இருக்கிறாள், அவளுக்குப் பெயர் வேண்டும். திரை இருண்ட பிறகு அம்மா பேசும் வசனத்துக்கும் பெயர் வேண்டும். சற்று முன்னால் பெயரில்லாமல் பேசியவர்தான் என்றாலும். முதுகு காட்டிப் பேசுபவர், கூட்டத்தில் ஒருவர், போனின் மறுமுனை, முகக்கவசம் போட்டவர் ஆகிய எல்லோருக்கும் இதே கணக்கு.

எந்தப் பெயரைப் போடுவது என்பது தமிழில் சிக்கலானது. வள்ளியம்மை செல்விக்கு அம்மா, மாரிமுத்துவுக்கு அக்கா, இன்னொரு காட்சியில் பேரனுக்கு ஆச்சி. எழுதுபவர் அந்தந்தக் காட்சியில் கூப்பிடுகிற உறவுமுறையையே சீட்டாகப் போட்டால், ஒரே ஆள் மூன்று பேராகத் தோன்றுவார். படம் முழுக்க ஒருவருக்கு ஒரே சீட்டு. வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் பாத்திரங்களின் பட்டியல் போட்டு, சீட்டின் எழுத்துக்கூட்டலையும், பெயர் படத்தில் முதலில் சொல்லப்படும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டால் பின்னால் தகராறு வராது. நம் உதாரணத்தில் வள்ளியம்மையின் பெயர் முந்தைய காட்சியிலேயே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வரவில்லை என்றால் "அம்மா:" என்றே தொடங்கி, கடைசிவரை அப்படியே விடுவது நல்லது.

ஆங்கிலத்தில் பேசுபவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு வசனத்திலிருந்து பிரித்துக் காட்டுவார்கள். திரைக்கு வெளியிலிருந்து வரும் குரலைச் சாய்வெழுத்தில் போடுவதும் உண்டு. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக்கென்று தனி வடிவமும் கிடையாது. மென்பொருள் நேரெழுத்தையே சரித்துக் காட்டும், கொம்பும் சுழியும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து வாசிக்க முடியாமல் போகும். வண்ணத்தால் ஆளைப் பிரிப்பது பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பழகிய முறை, ஆனால் ஒரு பிளேயரில் தெரியும் வண்ணம் இன்னொன்றில் காணாமல் போகிறது. ஆகவே எளிய வழியே உறுதியான வழி. பேசுபவருக்குப் பெயரும் முக்காற்புள்ளியும், ஒலிக்குச் சதுர அடைப்பு. பேசும் விதம் கண்ணுக்குத் தெரியாதபோது அதையும் சதுர அடைப்பில் பெயரை அடுத்துப் போடலாம்: "செல்வி [கிசுகிசுப்பாக]:". அழுதுகொண்டே பேசுபவரின் முகம் திரையில் இருந்தால் "[அழுதுகொண்டே]" வேண்டாம்.

இரண்டாவது கட்டத்தின் பிழை மொழிநடையில். வள்ளியம்மை சொன்னது "பண்ணிட்டியா". எழுதியது "செய்துவிட்டாயா". பேச்சுத் தமிழைத் திருத்தி எழுத்துத் தமிழாக்குவது மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். உதட்டசைவைப் படிப்பவர்களுக்கு முதலில் அது பொருந்தாது. அதைவிட முக்கியமாக, பாத்திரத்தின் ஊர், வயது, படிப்பு, கோபம் எல்லாம் அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. "வாங்க" என்பதை "வாருங்கள்" என்று எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர் மேடைப் பேச்சாளராகிவிடுகிறார். கோவை வழக்கோ நெல்லை வழக்கோ யாழ்ப்பாண வழக்கோ, பேசியது பேசியபடி. வாசிக்கத் திணறும் அளவுக்கு ஒலிப்பை அப்படியே பெயர்க்காமல், வழக்கமாகக் கதைகளில் எழுதும் பேச்சு எழுத்துக்கூட்டலோடு நின்றுகொள்ள வேண்டும். அடைப்புக்குள் வரும் ஒலிக் குறிப்புகள் மட்டும் பொதுவான எழுத்துத் தமிழில் இருக்கட்டும். "பல்லி கத்துது" என்று எழுதினால் அது யாரோ பேசுவதுபோல ஆகிவிடும். வசனம் பேச்சுத் தமிழ், குறிப்பு எழுத்துத் தமிழ் என்று பிரிந்திருந்தால் அடைப்பைக் கவனிக்காத கண்ணுக்கும் வேறுபாடு தெரியும்.

இனி நேரமும் நீளமும். இங்கேதான் ஆங்கில அளவுகள் தமிழில் உடைகின்றன. பிபிசி நிமிடத்துக்கு 160 முதல் 180 சொற்கள் என்று பரிந்துரைக்கிறது. தமிழில் ஒரே சொல்லுக்குள் வேர், காலம், ஆள், உருபு எல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பதால் சொற்கணக்கு உதவாது. எழுத்துக்கணக்குக்கு வரலாம் என்றால் அங்கே வேறொரு கண்ணி. "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 13 எழுத்து. கணினிக்கு 24 குறியீடுகள். ஏனென்றால் புள்ளியும் கொம்பும் துணைக்காலும் அதற்குத் தனித்தனி. மென்பொருள்களில் சில 13 என்றும் சில 24 என்றும் காட்டும். வேலையைத் தொடங்கும் முன் இந்தச் சொல்லை ஒரு வரியில் ஒட்டிப் பாருங்கள். உங்கள் மென்பொருள் எதை எண்ணுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அது தெரியாமல் வேகவரம்பை வைத்தால், ஒன்று எல்லா வரியும் சிவப்பாகும், இல்லாவிட்டால் வாசிக்கவே முடியாத வரிகூடப் பச்சையாகவே இருக்கும்.

குறியீட்டுக் கணக்கில் நொடிக்கு 17 வரை வசதியாக வாசிக்கலாம் என்பது நாங்கள் கைக்கொள்ளும் அளவு. 20-ஐத் தொட்டால் படத்தைப் பார்க்க நேரமிருக்காது. சைகை மொழியை முதல்மொழியாகக் கொண்டவருக்குத் தமிழ் வாசிப்பு இரண்டாம் மொழி வாசிப்பு என்பதால், இதைக் கொஞ்சம் குறைவாகவே வைப்பது நல்லது. ஒரு கட்டத்துக்கு இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம். ஒரு கட்டம் ஒரு நொடிக்குக் குறையாமலும் ஏழு நொடிக்கு மேற்படாமலும் இருக்கட்டும்.

செல்வியின் வசனத்தை வைத்து இதைப் போட்டுப் பார்ப்போம். பெயரோடு சேர்த்து முதல் வரி 30 குறியீடு, இரண்டாம் வரி 21, ஆக 51. அவள் பேசியது 13.0 நொடியிலிருந்து 15.6 வரை, 2.6 நொடி. 51-ஐ 2.6-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19.6. அதிகம். உடனே வசனத்தை வெட்டத் தோன்றும், வெட்ட வேண்டாம். அடுத்த ஒலியான குக்கர் விசில் 16.9-ல்தான் வருகிறது, இடையில் அமைதி. கட்டத்தின் முடிவை 16.2-க்கு நீட்டினால் 3.2 நொடி, வேகம் 15.9. வசனம் முழுதாகத் தங்கிவிட்டது. தொடக்கத்தை மட்டும் நகர்த்தக் கூடாது. பேச்சு தொடங்கும் முன்பே எழுத்து வந்தால் பதில் முன்கூட்டியே தெரிந்துவிடும். நீட்ட இடமே இல்லாத வேகமான சண்டைக் காட்சிகளில்தான் சுருக்க வேண்டும். அப்போதும் "அதாவது", "வந்து", திரும்பச் சொன்ன சொல் ஆகியவற்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும், பெயரையும் எதிர்மறையையும் எண்ணையும் தொடக்கூடாது.

வரியை உடைக்கும் இடமும் வாசிப்பு வேகத்தில் சேர்த்திதான். "பயந்தா" என்ற இடத்தில் உடைத்தால் நிபந்தனை ஒரு வரி, விளைவு ஒரு வரி. "ஒண்ணும்" என்பதற்குப் பின் உடைத்தால் கண் தடுமாறித் திரும்ப மேலே போகும். பெயரெச்சத்தையும் அது தழுவும் பெயரையும், முதல்வினையையும் துணைவினையையும் பிரிக்காமல் இருப்பது பொது விதி.

இவ்வளவையும் சேர்த்துத் திருத்திய வடிவம்:

```
1
00:00:07,200 --> 00:00:09,400
நீ போறதுன்னு
முடிவு பண்ணிட்டியா?

2
00:00:09,900 --> 00:00:11,400
[பல்லி கத்துகிறது]

3
00:00:13,000 --> 00:00:16,200
செல்வி: பல்லிக்கெல்லாம் பயந்தா
ஒண்ணும் நடக்காதும்மா.

4
00:00:16,900 --> 00:00:18,600
[குக்கர் விசில் அடிக்கிறது]

5
00:00:20,300 --> 00:00:22,000
வள்ளியம்மை: கரண்ட் போச்சு.

6
00:00:22,600 --> 00:00:25,600
[தூரத்தில் நீண்ட சங்கொலி]

7
00:00:26,100 --> 00:00:27,500
[கதவு தட்டப்படுகிறது]

8
00:00:27,800 --> 00:00:30,200
ஆண் குரல்: அக்கா...
கொஞ்சம் வெளிய வாங்க.
```

பல்லிக்கும் செல்வியின் பதிலுக்கும் இடையே ஒன்றரை நொடிக்கு மேல் வெற்றுத் திரை இருப்பதைக் கவனியுங்கள். அங்கேதான் அம்மாவின் முகம் மாறுகிறது. பல்லிக் குறிப்பை அதுவரை இழுத்து வைத்திருந்தால் வாசித்து முடித்த கண் மீண்டும் எழுத்தின் மேலேயே போய் விழும். அதேபோல, சங்கொலி முடிந்த பிறகுதான் கதவுக் குறிப்பு வருகிறது. இரண்டையும் ஒரே கட்டத்தில் அடுக்கினால் சங்கு மறந்துபோகும், கதவு மட்டும் நிற்கும்.

மேலே உள்ள `.srt` வடிவத்தை இணையப் பிளேயருக்கான `.vtt` ஆக மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. அந்த வடிவத்தில் பேசுபவரைக் குறிக்கத் தனி அடையாளம் உண்டு:

```
00:13.000 --> 00:16.200 line:10%
<v செல்வி>செல்வி: பல்லிக்கெல்லாம் பயந்தா
ஒண்ணும் நடக்காதும்மா.
```

`<v செல்வி>` என்று போட்டுவிட்டால் பெயர் திரையில் வந்துவிடும் என்று நம்பிப் பெயரை வசனத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பிளேயர்கள் வழக்கமாக அந்தப் பெயரைக் காட்டுவதில்லை. அது உள்ளே இருக்கும் குறி மட்டும். பெயர் எழுத்தாகவும் இருந்தாக வேண்டும். `line:10%` கேப்ஷனைத் திரையின் மேல்பக்கம் தூக்கி வைக்கும். கீழே ஊர்ப் பெயரோ செய்தி ஓடுபட்டையோ வரும் கட்டங்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டும். `.srt` கோப்பில் இப்படி இடம் மாற்ற எல்லாப் பிளேயருக்கும் பொதுவான வழி இல்லை.

கோப்பைச் சேமிக்கும்போது UTF-8. பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் அடித்த வசனத் தாளை அப்படியே ஒட்டினால் திரையில் பொருளற்ற குறிகள்தான் வரும். கண்ணில் படாத இன்னொரு பிழை ஒகர, ஓகாரக் குறிகளில் இருக்கிறது. "கொ" என்பதை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகவும் அடிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஒரு பெயரைப் படம் முழுக்க மாற்றும்போது பாதி மாறாமல் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு NFC வடிவத்துக்குக் கோப்பை மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

சரிபார்ப்பை இரண்டு முறை செய்ய வேண்டும், இரண்டும் வேறு வேறு ஆட்களால். ஒருவர் காதில் ஹெட்போனோடு ஒலித்தடத்தையும் எழுத்தையும் ஒப்பிடுகிறார். அவர் விட்டுப்போன ஒலியையும் தப்பான சொல்லையும் பிடிப்பார். இன்னொருவர் படத்தை முன்பு பார்க்காதவர், ஒலியில்லாமல் பார்க்கிறார். காது கேளாத பார்வையாளராகவே அவர் இருப்பது சிறந்தது, அவருடைய நேரத்துக்கு ஊதியமும் கொடுக்க வேண்டும். பார்த்து முடித்ததும் "கேப்ஷன் நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் பதில் வரும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். அம்மா ஏன் நறுக்குவதை நிறுத்தினார்? இருட்டில் முதலில் பேசியது யார்? கதவைத் திறக்கும் முன் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தீர்கள்? மூன்றாவது கேள்விக்கு "தெரியவில்லை, ஏதோ சரியில்லை என்று பட்டது" என்று வந்தால் சங்கொலிக் குறிப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. "யாரோ இறந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்ததே" என்று வந்தால் அதிகம் எழுதிவிட்டோம்.

எல்லாம் முடிந்து அனுப்பிய பிறகு, கேப்ஷன் பொருந்தவில்லை என்று தகவல் வரும். அப்போது படத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் ஒவ்வொரு வசனத்தை எடுத்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு என்றால் முன்னால் தயாரிப்பு நிறுவன அட்டையோ சான்றிதழோ சேர்த்திருக்கிறார்கள். மொத்தக் கோப்பையும் அந்த அளவு நகர்த்தினால் போதும். விலகல் போகப்போகக் கூடுகிறது என்றால் ஃபிரேம் வேகம் மாறியிருக்கிறது. 24 ஃபிரேமில் எழுதியது 25 ஃபிரேம் பிரதியில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 2 நிமிடம் 24 நொடி விலகும். 23.976-க்கும் 24-க்கும் இடையே என்றால் ஒரு மணி நேரத்தில் சுமார் 3.6 நொடி. இதை நகர்த்திச் சரிசெய்ய முடியாது, ஃபிரேம் வேகத்தை மாற்றும் வசதியால் மொத்தக் கோப்பையும் சுருக்கவோ விரிக்கவோ வேண்டும். ஒரு குறிப்பிட்ட காட்சிக்குப் பிறகு மட்டும் சட்டென்று விலகினால், அந்த இடத்தில் எடிட்டர் ஒரு துண்டை வெட்டியிருக்கிறார். அங்கே நேரத்தை நகர்த்துவதோடு நிறுத்தாமல், வெட்டிய துண்டில் வந்த ஒலியை நம் குறிப்புகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றனவா என்றும் பார்த்துவிட வேண்டும்.